தேங்கிய ஆர்டரைக் காட்டாத காலை மெயில்: ஒரு பித்தளை விளக்குக் கடையில் நடந்தது

கும்பகோணம் பக்கத்தில் ஒரு பித்தளைப் பாத்திரக் கடை. குத்துவிளக்கு, காமாட்சி விளக்கு, சீர்வரிசைப் பாத்திரம் எல்லாம் ஆன்லைனிலும் விற்கிறார்கள். அவர்களுடைய இணையக் கடையை எழுதிக் கொடுத்ததும் பராமரிப்பதும் நான். கடையின் அனுமதியோடு இதை எழுதுகிறேன். கடை பெயரும் ஆட்களின் பெயரும் வேண்டாம் என்று முதலிலேயே முடிவு செய்துகொண்டோம். தினமும் காலையில் முதலாளிக்குப் போகும் ஒரு சுருக்க மெயில் ஐந்து வாரத்துக்கு மேல் தப்பாகச் சொல்லிக்கொண்டிருந்தது, யாருக்கும் அது தெரியவில்லை. ஏன் தெரியாமல் போனது என்பதைத்தான் இங்கே விரிவாகச் சொல்லப் போகிறேன்.

## பின்னணி

கடையை நடத்துவது ஐம்பதைத் தாண்டிய ஒரு அக்கா. பேக்கிங்குக்கு இரண்டு பேர், பெயர் வெட்ட ஒரு பெரியவர். பெயர் வெட்டுவதுதான் இந்தக் கடையின் தனிச்சிறப்பு. கல்யாணச் சீருக்கு வாங்குகிறவர்கள் விளக்கின் அடித்தட்டில் மணமக்கள் பெயரும் தேதியும் போட்டுத் தரச் சொல்வார்கள். எழுத்துப் பிழை வந்துவிட்டால் பித்தளையில் அழிக்க முடியாது, பாத்திரமே வீண். அதனால் ஆர்டர் வந்ததும் அக்கா பெயரைத் தட்டச்சு செய்து வாட்ஸ்அப்பில் அனுப்புவார், வாடிக்கையாளர் "சரி" என்று பதில் போட்ட பிறகுதான் வேலை பெரியவரிடம் போகும்.

ஆகவே ஒரு ஆர்டர் நான்கு படிகளில் நிற்கலாம்: பணம் வந்தது, பெயர் உறுதிக்குக் காத்திருக்கிறது, பெயர் வெட்டுகிறார்கள், பேக் ஆகிவிட்டது. அதற்கப்புறம் கூரியரில் ஏற்றிவிட்டால் எங்கள் பார்வையில் அது முடிந்த ஆர்டர்.

அக்கா கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறவர் இல்லை. ஆர்டர் பட்டியல் புதியது மேலே என்ற வரிசையில் ஒரு பக்கத்துக்கு இருபதாகத்தான் தெரியும், இரண்டாம் பக்கத்தை யாரும் திறப்பதில்லை. அதற்காகத்தான் காலை மெயில். காலை 8 மணிக்கு, கடை திறக்கும் முன்னால், போனில் பார்க்கிற மாதிரி இரண்டு பகுதிகள்: நிலுவையில் எத்தனை ஆர்டர் என்ற எண்ணிக்கை, அதற்குக் கீழே மூன்று நாளாக அசையாமல் கிடக்கும் தேங்கிய ஆர்டர்களின் பட்டியல். தேங்கியது எதுவும் இல்லையென்றால் அந்த இரண்டாவது பகுதியே வராது. மெயில் சின்னதாக இருக்கட்டும் என்று அப்படி வைத்தேன். இந்த விஷயம் பின்னால் வரும்.

தேங்கியதைக் கண்டுபிடிக்கும் கோட் இவ்வளவுதான் (ஜாங்கோவில் எழுதியது):

```python
cutoff = timezone.now() - timedelta(days=3)
stale = Order.objects.filter(
    status__in=OPEN,
    updated_at__lt=cutoff,
)
```

`updated_at` என்பது `auto_now=True` போட்ட புலம். ஆர்டரை யாராவது தொட்டுச் சேமித்தால் அந்த நேரம் தானாகப் பதிவாகும். யாரும் தொடவில்லையென்றால் பழைய நேரமே நிற்கும், அப்படியானால் தேங்கிவிட்டது என்று அர்த்தம். எழுதும்போது இதில் ஒரு குறையும் தெரியவில்லை. வைகாசி, ஆனி முகூர்த்த நாட்கள் முழுக்க நன்றாகவே ஓடியது. தினமும் மூன்று நான்கு ஆர்டர் பட்டியலில் வரும், அக்கா போனை எடுத்து வாடிக்கையாளரைக் கூப்பிட்டு "பெயர் அனுப்பியிருக்கேன், பார்த்துச் சொல்லுங்க" என்பார், மறுநாள் அந்த வரி பட்டியலில் இருக்காது.

## தெரியவந்த விதம்

ஆவணி இரண்டாம் வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் அக்கா கூப்பிட்டார். குரலிலேயே தெரிந்தது.

"தம்பி, திருச்சியிலிருந்து ஒரு அம்மா பேசினாங்க. வியாழக்கிழமை அவங்க பொண்ணு கல்யாணம். ஜோடி குத்துவிளக்கு இன்னும் வரலையாம். இந்த ஆர்டர் இருக்கறதே எனக்குத் தெரியாது. மெயில்ல வரவே இல்லையே?"

பார்த்தேன். ஆர்டர் போட்டு 19 நாள் ஆகியிருந்தது. பெயர் உறுதிக்குக் காத்திருக்கிறது என்ற படியிலேயே நின்றது. அந்த அம்மா பதில் போட்டிருக்கிறார், ஆனால் கடையின் பழைய எண்ணுக்கு. அந்தப் போன் மேசை டிராயரில் கிடந்தது. இப்படி நடப்பது சகஜம், யாரையும் குறை சொல்ல முடியாது. இப்படி ஒன்று நடந்தால் நான்காவது நாள் காலையில் சொல்ல வேண்டியதுதான் அந்த மெயிலின் வேலையே. பதினைந்து நாளுக்கு மேல் அது சொல்லவில்லை.

முதலில் விளக்கு. பெரியவர் கையிலிருந்த வேலையை ஒதுக்கிவிட்டு அன்று மாலையே பெயர் வெட்டினார். கூரியரை நம்ப நேரம் இல்லை என்பதால் புதன்கிழமை காலை பேக்கிங் தம்பி ஒருவர் விளக்கை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் திருச்சிக்குப் போய் நேரில் கொடுத்துவிட்டு வந்தார். பெயர் வெட்டும் கூலியை அக்கா வாங்கவில்லை. கல்யாணத்துக்கு விளக்கு போய்ச் சேர்ந்துவிட்டது.

## காரணம்

அன்று இரவு ஒன்றரை மணிக்கு டேட்டாபேஸில் நான் போட்ட முதல் கேள்வி:

```sql
SELECT min(updated_at), max(updated_at), count(*)
FROM shop_order
WHERE status IN ('paid', 'awaiting_name',
                 'engraving', 'packed');
```

38 ஆர்டர்கள். அத்தனைக்கும் `updated_at` அன்று அதிகாலை 1:10-க்குத்தான், முதல் ஆர்டருக்கும் கடைசி ஆர்டருக்கும் நடுவே ஏழு விநாடி. அதிகாலை ஒரு மணிக்குக் கடையில் யாரும் இல்லை. நேற்று வந்த ஆர்டருக்கும் 19 நாளாகக் கிடக்கும் ஆர்டருக்கும் ஒரே நேரம் என்றால் ஏதோ ஒரு புரோகிராம் எல்லாவற்றையும் வரிசையாகத் தொட்டுவிட்டுப் போயிருக்கிறது.

அதைக் கண்டுபிடிக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, ஏனென்றால் எழுதியது நான்தான். ஆடி பிறந்த முதல் வாரத்தில் ஒரு மாற்றம் செய்திருந்தேன். எந்தத் தேதிக்குள் பொருள் போய்ச் சேரும் என்று வாடிக்கையாளருக்குக் காட்டும் தேதியை, பெரியவர் கையில் எவ்வளவு வேலை இருக்கிறது என்பதையும் சேர்த்துத் தினமும் இரவில் திரும்பக் கணக்கிட வேண்டும் என்று அக்கா கேட்டிருந்தார். அதற்கு முன்பு இந்தத் தேதி ஒரே ஒரு `.update()` வரியில் எல்லா ஆர்டருக்கும் போய்க்கொண்டிருந்தது. ஆர்டருக்கு ஆர்டர் கணக்கு வேறுபட வேண்டும் என்றதும் இப்படி மாற்றினேன்:

```python
for order in Order.objects.filter(status__in=OPEN):
    order.eta = compute_eta(order)
    order.save()
```

ஜாங்கோவில் `.update()` நேராக டேட்டாபேஸுக்குப் போகும், `auto_now` புலத்தைத் தொடாது. `save()` தொடும். அந்த ஒரு சொல் மாறியதில் திறந்திருக்கும் ஒவ்வொரு ஆர்டரும் தினமும் இரவு 1:10-க்குப் புதிதாகிவிட்டது. காலை 8 மணிக்கு மெயில் அனுப்பும் வேலை ஓடும்போது எந்த ஆர்டரும் ஏழு மணி நேரத்துக்கு மேல் பழையதாக இருக்க வாய்ப்பே இல்லை. மூன்று நாள் என்ற எல்லையை எதுவும் எட்டாது, பட்டியல் என்றைக்கும் காலிதான்.

இரண்டு வேலைகளுக்கும் டெஸ்ட் இருந்தது, இரண்டுமே பாஸ். மெயிலுக்கான டெஸ்டில் ஒரு ஆர்டரை உருவாக்கி அதன் `updated_at`-ஐ ஐந்து நாள் பின்னால் தள்ளி வைத்துவிட்டுப் பட்டியலில் வருகிறதா என்று பார்த்தேன், வந்தது. தேதிக் கணக்குக்கான டெஸ்டில் தேதி சரியா என்று மட்டும் பார்த்தேன், சரியாக இருந்தது. ஒன்று எழுதுவதை மற்றொன்று படிக்கிறது என்பதை இரண்டு டெஸ்டில் எதுவும் பார்க்கவில்லை.

ஆனால் எனக்கு இதைவிடப் பெரிதாகப் பட்டது, ஐந்து வாரம் யாருக்கும் சந்தேகம் வராததுதான். அதற்கு மூன்று காரணம் சேர்ந்துகொண்டன. ஆடியில் கல்யாணம் கிடையாது, பெயர் வெட்டும் ஆர்டர் குறைவு, ஆகவே தேங்கியது எதுவும் இல்லை என்பது இயல்பாகவே தெரிந்தது. "ஆடி மாசம்ல தம்பி, சுத்தமா இருக்கு" என்று அக்காவே ஒருமுறை சொன்னார், நானும் ஆமாம் என்றேன். அடுத்தது, தேங்கியது இல்லையென்றால் அந்தப் பகுதியே வராது என்று நான் வைத்திருந்தது. பார்த்தோம், எதுவும் இல்லை என்பதும், பார்க்கவே முடியவில்லை என்பதும் மெயிலில் ஒரே மாதிரி வெற்றிடமாகத் தெரிந்தன.

மூன்றாவதை மறுநாள் கடைக்குப் போய் அக்காவின் போனைக் கையில் வாங்கிப் பார்த்தபோதுதான் புரிந்துகொண்டேன். தினமும் ஒரே தலைப்பு, "இன்றைய ஆர்டர் சுருக்கம்". அதனால் ஜிமெயில் எல்லா மெயிலையும் ஒரே உரையாடலாக அடுக்கி வைத்திருந்தது. திறந்தால் கடைசி மெயில் வருகிறது, ஆனால் நேற்றைய மெயிலில் இருந்த அதே வரிகள் இன்றும் இருந்தால் ஜிமெயில் அவற்றை மூன்று புள்ளிக்குள் மடித்து மறைத்துவிடுகிறது. அக்கா காலையில் பார்த்ததெல்லாம் ஒரு "நிலுவை: 36", ஒரு மூன்று புள்ளி. அதைத் தொட வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. மெயில் சரியாக வேலை செய்த வைகாசியில்கூடப் பட்டியலின் ஒரு பகுதி அவர் கண்ணில் படாமல் போயிருக்கலாம்.

## எடுத்த முடிவுகளும் காரணங்களும்

செவ்வாய் இரவே ஒரு அவசர ஒட்டு போட்டேன்: `order.save(update_fields=["eta"])`. இப்படிக் கொடுத்தால் அந்த ஒரு புலம் மட்டும் எழுதப்படும், `updated_at` அப்படியே நிற்கும். ஆனால் இதை நிரந்தரத் தீர்வாக வைத்துக்கொள்ள மனம் வரவில்லை. நாளைக்கு வேறு ஏதாவது வேலை, வேறு ஒரு `save()` வரத்தான் போகிறது. அட்மின் பக்கத்தில் பேக்கிங் தம்பி ஒரு குறிப்பில் முற்றுப்புள்ளி வைத்துச் சேமித்தாலே ஆர்டர் புதிதாகிவிடும். நாங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது இந்தப் படிக்கு ஆர்டர் எப்போது வந்தது என்று. ஆர்டரை யார் எப்போது தொட்டார்கள் என்பது வேறு கேள்வி, அதற்கான பதிலை எடுத்து இதற்குப் போட்டுவிட்டேன்.

ஆகவே `status_since` என்று ஒரு புதிய புலம். படியை மாற்றும் ஒரே ஒரு ஃபங்ஷன்தான் அதை எழுதும், அதுவும் புதிய படி பழையதிலிருந்து வேறாக இருந்தால் மட்டும். கூடவே எந்தப் படியிலிருந்து எந்தப் படிக்கு, யார், எப்போது என்று ஒரு சின்னப் பதிவேடு.

ஏற்கெனவே திறந்திருக்கும் 38 ஆர்டருக்கு இந்தப் புலத்தில் என்ன போடுவது? உண்மையான நேரம் அழிந்துவிட்டது, மீட்க வழியில்லை. இன்றைய தேதியைப் போட்டால் உண்மையாகத் தேங்கியவை இன்னும் மூன்று நாள் மறைந்திருக்கும். ஆர்டர் உருவான தேதியைப் போட்டால் நன்றாக நகர்ந்துகொண்டிருக்கும் சிலவும் தேங்கியதாகக் காட்டும். இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தேன். புதன்கிழமை காலை மெயிலில் 14 ஆர்டர் வந்தது. அக்காவும் நானும் போனில் ஒவ்வொன்றாகப் பார்த்தோம். எட்டு சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தன. மீதி ஆறு நிஜமாகவே கிடந்தவை, திருச்சி ஆர்டரையும் சேர்த்து. மற்ற ஐந்து பேரையும் அக்கா அன்றே கூப்பிட்டார். மூன்று பேர் தாமதமானாலும் பரவாயில்லை என்றார்கள், இரண்டு பேருக்குப் பணத்தைத் திருப்பினோம். அதில் ஒருவருக்கு கிரகப்பிரவேசமே முடிந்திருந்தது. அவரிடம் பேசிவிட்டு அக்கா கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை.

எல்லாவற்றுக்கும் மூன்று நாள் என்பதையும் விட்டோம். பேக் ஆகிவிட்ட பொருள் ஒரு நாளுக்கு மேல் கடையில் இருக்கக் காரணமே இல்லை, பெயர் வெட்டுவதற்கோ நான்கு நாள் நியாயம். பணம் வந்ததற்கும் பெயர் உறுதிக்கும் இரண்டு நாள். ஞாயிறு கணக்கில் வராது, பெரியவருக்கு அன்று விடுமுறை.

மெயிலையும் திரும்ப எழுதினேன். இப்போது தேங்கியது எதுவும் இல்லாத நாளில் இப்படி வருகிறது:

```
தலைப்பு: ஆக 29 வெள்ளி – தேங்கியது 0, நிலுவை 33

தேங்கியது எதுவும் இல்லை. 33 ஆர்டரும் பார்க்கப்பட்டன.
இப்போதைய படியில் அதிக நாள் நிற்பது: 1 நாள் 20 மணி
(பெயர் உறுதிக்குக் காத்திருக்கிறது)
```

தலைப்பில் தேதியும் எண்ணும் இருப்பதால் ஒவ்வொரு நாளும் தனி மெயிலாக நிற்கிறது, திறக்காமலே பாதி விஷயம் தெரிந்துவிடுகிறது. ஆனால் இந்த மெயிலில் நான் அதிகம் மதிப்பது "அதிக நாள் நிற்பது" என்ற வரியைத்தான். அந்த ஐந்து வாரமும் இந்த வரி இருந்திருந்தால் தினமும் "6 மணி 50 நிமிடம்" என்றே வந்திருக்கும். 36 ஆர்டர் நிலுவையில் இருக்கிறது, அதில் மிகப் பழையதற்கு ஏழு மணி நேரம்கூட ஆகவில்லை என்றால், அக்கா மூன்றாவது நாளே "இது எப்படி தம்பி?" என்று கேட்டிருப்பார். பூஜ்யம் என்று மட்டும் சொன்னால் அதைச் சரிபார்க்க அவருக்கு வழியில்லை. பெயர் வெட்ட எத்தனை நாள் ஆகும் என்பது அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும், அந்த அறிவோடு ஒப்பிட்டுப் பார்க்கத் தோதாக ஒரு எண் வேண்டும்.

மெயிலே வராமல் போனால்? 8:30 வரை வரவில்லையென்றால் என்னைக் கூப்பிடுங்கள் என்று அக்காவிடம் சொல்லியிருக்கிறேன். அவர் மறக்கக்கூடும் என்பதால், மெயில் போனதும் அந்த வேலை வெளியே இருக்கும் ஒரு கண்காணிப்புச் சேவைக்கு ஒரு தட்டு தட்டும். குறித்த நேரத்துக்குள் தட்டு வரவில்லையென்றால் அந்தச் சேவை எனக்குச் செய்தி அனுப்பும். எங்கள் சர்வரிலேயே இதை வைத்தால் சர்வர் விழும்போது இதுவும் சேர்ந்து விழுந்துவிடும்.

டெஸ்டிலும் ஒன்று சேர்த்தேன். கடிகாரத்தைப் பத்து நாள் முன்னோக்கி நகர்த்தி, ஒவ்வொரு இரவுக்கும் கிரானில் இருக்கும் எல்லா வேலைகளையும் நிஜமாக ஓடவிட்டு, கடைசியில் யாரும் தொடாத ஒரு ஆர்டர் மெயிலில் வருகிறதா என்று அது பார்க்கிறது. புது வேலை ஒன்றைக் கிரானில் சேர்த்தால் இந்த டெஸ்டின் பட்டியலிலும் சேர்த்தாக வேண்டும்.

## அதற்கப்புறம்

முதல் இரண்டு வாரம் மெயில் கொஞ்சம் அதிகமாகவே கத்தியது. வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுவிட்டுப் பெயர் சொல்கிறோம், வெள்ளிக்கிழமை வரை பொறுங்கள் என்று வாடிக்கையாளர் சொல்லியிருப்பார், மெயிலோ அதையே தினமும் காட்டும். "இது எனக்குத் தெரியும், தெரியாததைச் சொல்லச் சொல்லு" என்றார் அக்கா. அது நியாயம்தான், தெரிந்ததையே சொல்லிக்கொண்டிருந்தால் நாளடைவில் தெரியாததும் அதோடு சேர்ந்து கண்ணில் படாமல் போய்விடும். அதனால் ஆர்டர் பக்கத்தில் "இந்தத் தேதி வரை சொல்லாதே" என்று ஒரு கட்டம் வைத்தேன். அதிகபட்சம் ஐந்து நாள்தான் ஒத்திவைக்கலாம். ஒத்திவைத்தவை எத்தனை என்று மெயிலின் அடியில் ஒரு வரியும் வரும், முழுக்க மறைந்துவிடக் கூடாது.

புரட்டாசி தொடக்கத்தில் இன்னொன்றைக் கவனித்தோம். பதிவேட்டில் மாலை 6 மணிக்குச் சில ஆர்டர்கள் "பேக் ஆகிவிட்டது" என்று மாறி, மறுநாள் காலை திரும்பப் "பெயர் வெட்டுகிறார்கள்" என்று மாறியிருந்தன. பேக்கிங் தம்பி, மெயிலில் தேங்கியதாக வந்தால் அக்கா திட்டுவாரோ என்று பயந்து அப்படிச் செய்திருக்கிறார். படி மாறினால் `status_since` புதிதாகிவிடும், மறுபடியும் அதே ஓட்டை, இந்த முறை மனிதர் வழியாக. அவரிடம் அக்காவே உட்கார்ந்து பேசினார், பட்டியல் திட்டுவதற்காக இல்லை என்று. என் பக்கத்தில், பின்னோக்கிப் போகும் படி மாற்றத்துக்குப் புதிய நேரம் கிடையாது, முன்பு அந்தப் படியில் எப்போது நுழைந்ததோ அதுவே தொடரும் என்று மாற்றினேன். ஒவ்வொரு வரியிலும் ஆர்டர் போட்டு மொத்தம் எத்தனை நாள் என்பதையும் சேர்த்தேன், அதை யாராலும் புதுப்பிக்க முடியாது.

## இனி மாற்ற வேண்டியது

திருச்சி ஆர்டரில் உண்மையான அவசரம் 19 நாள் என்பதில் இல்லை, வியாழக்கிழமை முகூர்த்தம் என்பதில்தான் இருந்தது. அந்தத் தேதி எங்கள் டேட்டாபேஸில் இருந்தது, ஆனால் விளக்கில் வெட்ட வேண்டிய எழுத்துகளின் நடுவே, வெறும் வாக்கியமாக. விசேஷத் தேதி என்று ஆர்டர் படிவத்தில் தனியாக ஒரு கட்டம் வைத்து, தேங்கியதோ இல்லையோ, விசேஷத்துக்கு ஐந்து நாளே இருக்கும் எந்த ஆர்டரும் மெயிலில் முதலில் வர வேண்டும். கட்டாயமாகக் கேட்கலாமா என்பதில் அக்காவுக்கும் எனக்கும் இன்னும் பேச்சு ஓடுகிறது. வீட்டுக்கு விளக்கு வாங்குகிறவர்களுக்கு அது எரிச்சலாக இருக்கும் என்கிறார் அவர். பெயர் வெட்டச் சொல்கிறவர்களிடம் மட்டும் கேட்கலாம் என்பதுவரை வந்திருக்கிறோம்.

பழைய போன் இப்போது டிராயரில் இல்லை. சார்ஜரோடு கல்லாப் பெட்டி பக்கத்தில் இருக்கிறது, அந்த எண்ணுக்கு வரும் பதிலையும் காலையில் மெயிலோடு சேர்த்து அக்கா பார்க்கிறார்.